தவணை நின்ற மலையில் இலாபம் மட்டும் ஏறுமா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்டபோது அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலையக மாவட்டங்களே அதிகம் இழந்தன. மண் சரிந்து வீதிகள் அடைபட்டன. பல தோட்டங்களில் கொழுந்துக்கு ஆள் போகவில்லை, ஆட்டோக்காரருக்கு ஓட்டம் இல்லை, மரக்கறி லொறிகள் வழியிலேயே நின்றன. பாதிக்கப்பட்ட கடனாளிகளுக்குச் சலுகைக் காலம் கொடுக்கும்படி மத்திய வங்கி வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் கேட்டுக்கொண்டது. சரியான முடிவு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் கவலை அந்தச் சலுகைக்குப் பின்னால் நடக்கும் கணக்கெழுத்தைப் பற்றியது. ஹல்துமுல்லையிலோ கொஸ்லந்தையிலோ உள்ள ஒருவரின் லீசிங் தவணை ஒத்திவைக்கப்பட்டதும், கடன் கொடுத்த நிறுவனத்தின் கணினியில் அவர் பெயருக்கு நேரே 'பாக்கி நாட்கள்: 0' என்று விழுந்துவிடுகிறது. கட்டவேண்டிய திகதியே தள்ளிப் போனதால் அவர் பாக்கிக்காரர் ஆகவில்லை. கணினி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூச்சியத்தைப் பார்த்து, 'இந்தக் கடனில் நமக்கு நட்டம் வராது' என்று நிறுவனம் முடிவெடுத்தால் அது வேறு விஷயம். அந்த முடிவைச் சோதிக்கவேண்டியவர் கணக்காய்வாளர். வங்கிகளின் கணக்காண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. நிதிக் கம்பனிகளில் பெரும்பாலானவற்றுக்கு மார்ச் 31. புயலுக்குப் பிந்திய முதல் ஆண்டுக் கணக்குகளில் மலையகக் கடன்களுக்கு எவ்வளவு நட்டம் எழுதப்படுகிறது, அந்த எண்ணை யார் எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதை வைப்பாளர்கள் கவனிக்கவேண்டும்.

கொடுத்த கடனில் ஒரு பகுதி திரும்பி வராது என்பது கடன் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். வராமல் போகக்கூடிய தொகையை முன்கூட்டியே மதிப்பிட்டு, அந்த ஆண்டின் இலாபத்திலிருந்து கழித்து வைப்பதுதான் ஐயக்கடன் ஏற்பாடு. கையிருப்புப் பணத்தை எண்ணுவதுபோல் இதை எண்ண முடியாது. இது நாளைக்கு நடக்கப் போவதைப் பற்றிய மதிப்பீடு. மதிப்பீட்டைச் செய்கிறவர்கள் முகாமைத்துவத்தினர். ஏற்பாடு குறைந்தால் இலாபம் கூடும், மூலதன விகிதம் நன்றாகத் தெரியும், போனஸும் தப்பும். தன் பரீட்சைத் தாளுக்குத் தானே புள்ளி போடும் நிலையில் அவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதல்ல இதன் பொருள். நேர்மையான கிளை முகாமையாளர்கூட 'நம்ம ஆளுங்க எப்படியும் கட்டிடுவாங்க' என்று மனதார நம்புவார். அந்த நம்பிக்கையும் எண்ணை ஒரு பக்கமாகச் சாய்க்கும்.

2018க்கு முன் இருந்த நியமத்தில், நட்டத்துக்கான சம்பவம் நடந்து முடிந்த பிறகுதான் ஏற்பாடு எழுத முடிந்தது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 அதை மாற்றியது. எதிர்பார்க்கும் நட்டத்தை இன்றைக்கே எழுதவேண்டும், அதற்கு அதிகச் செலவோ சிரமமோ இன்றிக் கிடைக்கும் நியாயமான தகவல்களையெல்லாம் பயன்படுத்தவேண்டும் என்றது. அந்தச் சொற்களின் கனத்தை ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவில் வாழ்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தவில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை இடம் மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தகவல் இருந்தது. அதை வைத்து யாரும் முடிவெடுக்கவில்லை. இன்று அதே நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களை யாரும் பார்க்கலாம். இந்த மலைப் பிரதேசத்தில் கடன் கொடுத்திருக்கும் ஒரு நிறுவனம் தன் கடனாளிகளில் எத்தனை பேர் அந்த வரைபடத்தின் அபாய வலயத்துக்குள் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஏற்பாடு எழுதினால், 'கிடைக்கும் தகவலைப் பயன்படுத்தினோம்' என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை.

எதிர்பார்க்கும் நட்டம் மூன்று எண்களின் பெருக்கம். கடன் தவறக்கூடிய வாய்ப்பு எவ்வளவு, தவறினால் நூற்றுக்கு எவ்வளவு போகும், அந்த நேரத்தில் நிலுவை எவ்வளவு. கடன்கள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படும். நன்றாக ஓடும் கடனுக்கு அடுத்த 12 மாதத்தில் தவறக்கூடிய வாய்ப்பை வைத்துக் கணக்கிட்டால் போதும். ஆபத்து கணிசமாகக் கூடிவிட்ட கடன் இரண்டாம் நிலைக்குப் போகும், அதற்கு ஆயுட்காலம் முழுவதற்குமான நட்டத்தை எழுதவேண்டும். தவறியே விட்டது மூன்றாம் நிலை. பாக்கி 30 நாளைத் தாண்டினால் இரண்டாம் நிலை, 90 நாளைத் தாண்டினால் மூன்றாம் நிலை என்பது நியமம் முன்வைக்கும் அனுமானம். சலுகைக் காலத்தில் பாக்கி நாட்கள் ஏறுவதே இல்லை. அதனால் வீடும் வண்டியும் போனவருடைய கடனும் முதல் நிலையிலேயே நிற்கும். கணினி மாதிரிக்குக் கண் தெரியாத இடம் இது. இங்கே முகாமைத்துவம் தன் தீர்மானத்தால் ஒரு தொகையை மேலே சேர்க்கவேண்டும். அந்த மேலதிகச் சேர்ப்பில்தான் கணக்காய்வாளர் தன் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடவேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கையில் எடுப்போம். நிறுவனமும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு நிதிக் கம்பனியின் ஊவாக் கிளை. ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கங்களில் முச்சக்கர வண்டிகளுக்கும் சிறிய லொறிகளுக்கும் லீசிங் கொடுத்திருக்கிறது. புயலுக்குப் பின் 120 பேருக்குத் தவணை ஒத்திவைப்பு. ஆளுக்குச் சராசரியாக 6 இலட்சம் ரூபாய் நிலுவை, மொத்தம் 7.2 கோடி. கணினி மாதிரியின்படி தவறும் வாய்ப்பு நூற்றுக்கு 4, தவறினால் போவது நூற்றுக்கு 25. ஆக ஏற்பாடு 7.2 இலட்சம். புயலைக் கருத்தில் கொண்டு முகாமைத்துவம் தவறும் வாய்ப்பை நூற்றுக்கு 10 ஆக்குகிறது. ஏற்பாடு 18 இலட்சம் ஆகிறது. 'இரண்டரை மடங்காக்கிவிட்டோம்' என்று பணிப்பாளர் சபைக்கு அறிக்கை போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்காய்வாளர் அந்த இரண்டரை மடங்கைப் பார்த்து மயங்கக்கூடாது. 10 எங்கிருந்து வந்தது, 25 எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும்.

முதலில் 10. இதே நிறுவனம் இதற்கு முன்னும் ஒத்திவைப்புக் கொடுத்திருக்கிறது. 2020இல் கொவிட் காலத்தில் நாடு முழுவதும் கொடுத்தது. அந்தக் கடன்களின் பட்டியலை எடுத்து, சலுகை முடிந்து ஆறு மாதத்தில் எத்தனை கடன் 90 நாள் பாக்கியைத் தாண்டியது என்று எண்ணலாம். நம் உதாரணத்தில் அது நூற்றுக்கு 22 என்று வைத்துக்கொள்வோம். முகாமைத்துவம் சொல்லும்: 'அது நாடே மூடிக் கிடந்த காலம், இது சில பிரதேசங்களுக்கு வந்த சேதம்.' அந்த வாதத்தில் நியாயம் உண்டு. மறுபக்கமும் உண்டு. 2020இல் வீடு இருந்தது, வண்டி இருந்தது, வீதி இருந்தது, ஊரடங்கு எடுத்ததும் ஓட்டம் திரும்பியது. இப்போது சிலருக்கு அவற்றில் ஒன்றோ இரண்டோ இல்லை. இரண்டையும் நிறுத்துப் பார்த்து, 18இலிருந்து 26 வரை எதுவும் நியாயம் என்று கணக்காய்வாளர் ஒரு வீச்சுக்கு வரலாம். 10க்குச் சான்று எதுவும் அவர் கையில் இல்லை.

அடுத்து 25. இது பலர் கண்ணில் படாத இடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். 6 இலட்சம் நிலுவையுள்ள வண்டியைப் பிடித்து 4.5 இலட்சத்துக்கு விற்றால் நட்டம் 1.5 இலட்சம், அதாவது நூற்றுக்கு 25. முகாமைத்துவத்தின் கணக்கு இவ்வளவுதான். ஆனால் பிடித்த வண்டி மறுநாளே விற்பதில்லை. கிளையின் பறிமுதல் புத்தகத்தைப் புரட்டினால், வண்டி முற்றத்துக்கு வந்த திகதியும் விற்ற திகதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சராசரி இடைவெளி பத்து மாதம் என்று வைப்போம். லீசிங்கின் உண்மையான வட்டி வீதம் ஆண்டுக்கு 24 என்றால், பத்து மாதம் கழித்து வரும் 4.5 இலட்சத்தின் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 3.76 இலட்சம். அந்தக் கடனின் தொடக்க வட்டி வீதத்தில் கழிவு செய்யவேண்டும் என்பதை நியமமே சொல்கிறது. இழுத்து வந்த கூலி, முற்ற வாடகை, தரகு என்று 30 ஆயிரம் போனால் மிஞ்சுவது 3.46 இலட்சம். நட்டம் நூற்றுக்கு 42.

அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. அந்த 4.5 இலட்சம் என்ற விலை எந்த ஆண்டுகளின் விற்பனையிலிருந்து வந்தது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 தொடக்கத்தில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிக்கெல்லாம் தங்க விலை. பிடித்த வண்டியை விற்ற கம்பனிகளுக்கு நட்டம் குறைவாகவே தெரிந்திருக்கும். அந்த ஆண்டுகளின் சராசரியை அப்படியே எடுத்து, இறக்குமதி திறந்த பிறகு வரும் ஆண்டுகளுக்குப் போட்டால் எண் தானாகவே இனிப்பாகிவிடும். யாரும் எதையும் திரிக்கத் தேவையில்லை. எந்த ஐந்தாண்டுகளை எடுப்பது என்ற தெரிவே போதும். பக்கச்சார்பு பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது, ஆவணங்களோடும் கையொப்பங்களோடும்.

கணக்காய்வாளர் நட்ட வீதத்துக்கு 35 முதல் 45 வரை வீச்சு வைக்கிறார் என்போம். 18ஐயும் 35ஐயும் பெருக்கினால் ஏற்பாடு 45.36 இலட்சம். 26ஐயும் 45ஐயும் பெருக்கினால் 84.24 இலட்சம். முகாமைத்துவத்தின் 18 இலட்சம் இந்த வீச்சின் கீழ் எல்லையையே தொடவில்லை. இலங்கைக் கணக்காய்வு நியமம் 540இன் வழியில், அந்த எண்ணுக்கும் வீச்சின் கிட்டிய எல்லைக்கும் இடைப்பட்ட 27.36 இலட்சம் ஒரு பிழை. நடுப்புள்ளிக்குக் கொண்டுவா என்று அவர் வற்புறுத்த முடியாது. வீச்சுக்குள் எங்கே நின்றாலும் அது முகாமைத்துவத்தின் உரிமை. அதனால்தான் வீச்சை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குவது கணக்காய்வாளரின் வேலை. 10 இலட்சம் முதல் 90 இலட்சம் வரை எல்லாம் நியாயம் என்று அவர் எழுதினால், அவர் எதையும் ஆய்வு செய்யவில்லை என்று அர்த்தம்.

கிளையின் இலாபம் சென்ற ஆண்டு 85 இலட்சம், இந்த ஆண்டு 90 இலட்சம் என்று வைத்துப் பாருங்கள். 27.36 இலட்சத்தைக் கழித்தால் 62.64. ஏறிய கோடு இறங்கிவிடுகிறது. முகாமைத்துவம் 18இல் நின்றதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. காரணம் இருப்பது குற்றத்துக்குச் சாட்சி ஆகாது. ஆனால் எங்கே இன்னும் ஆழமாகத் தோண்டவேண்டும் என்பதை அது காட்டிக் கொடுக்கும்.

பக்கச்சார்பை ஓர் எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. தனியாக எடுத்தால் 10க்கும் வாதம் இருக்கும், 25க்கும் வாதம் இருக்கும். எல்லாத் தீர்மானங்களையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றும் இலாபத்தைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பக்கத்தில் குறிக்கவேண்டும். எட்டுத் தீர்மானங்களில் நாலு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம் என்றால் அது மனிதர் மதிப்பிட்ட கணக்கு. எட்டும் ஒரே பக்கம் சாய்ந்தால், தனித்தனியாக எல்லாமே வீச்சுக்குள் இருந்தாலும், கணக்காய்வாளர் நிமிர்ந்து உட்காரவேண்டும். சென்ற ஆண்டு வைத்த ஏற்பாட்டுக்கும் அந்தக் கடன்களில் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தையும் அதே தாளில் சேர்க்கவேண்டும். நியமம் இந்தப் பின்னோக்கிய பரிசீலனையைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஓராண்டு பிழைத்துப் போவது இயல்பு. தொடர்ந்து மூன்றாண்டு ஒரே திசையில் பிழைத்தால், அதை நடத்தியது முகாமைத்துவம்தான் என்று கொள்ளவேண்டும்.

மதிப்பீடு எவ்வளவு அகலமாக விரியக்கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே அரிய சான்று ஒன்று இருக்கிறது. இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தது. அரசின் டொலர் முறிகளை நம் வங்கிகளும் வாங்கி வைத்திருந்தன. அந்த ஆண்டின் டிசம்பர் 31க்கு வங்கிகள் எழுதிய ஏற்பாடு வங்கிக்கு வங்கி வேறுபட்டது. கடனாளி ஒருவரே, முறியும் ஒன்றே, திகதியும் ஒன்றே. ஆனாலும் எண்கள் வேறு. பேச்சுவார்த்தை எப்படி முடியும், வட்டி எவ்வளவு வெட்டப்படும், எத்தனை ஆண்டு தள்ளிப் போகும் என்று ஒவ்வொரு வங்கியும் வெவ்வேறாக ஊகித்தது. 2024 டிசம்பரில் முறிப் பரிமாற்றம் முடிந்ததும், எழுதி வைத்த ஏற்பாட்டில் ஒரு பகுதி சில வங்கிகளின் இலாபத்துக்குள் திரும்பி வந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. உண்மையிலேயே தெரியாத இடத்தில் நேர்மையானவர்களும் தூர தூரமாக நிற்கலாம் என்பது ஒன்று. அதனால் பக்கச்சார்புக் குற்றச்சாட்டை வாயில் வந்தபடி வீசக்கூடாது. ஒரே கடனாளிக்குப் பத்து நிறுவனங்கள் வைத்த எண்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும்போது, தனியாக ஓரத்தில் நிற்பவரிடம் காரணம் கேட்க முடிகிறது என்பது மற்றது. டித்வாவுக்கும் அது பொருந்தும். ஒரே மாவட்டத்தில், ஒரே வகை வண்டிக்குக் கடன் கொடுத்த நிறுவனங்கள் பல. பெரிய கணக்காய்வு நிறுவனங்களிடம் அவற்றில் சிலவற்றின் கோப்புகள் இருக்கும். ஒருவரின் இரகசியத்தை மற்றவருக்குச் சொல்லக்கூடாது என்பது சரி. தம் அனுபவத்தில் எது சாதாரணம், எது அசாதாரணம் என்று அறிந்திருப்பதைத் தடுக்கும் விதி ஏதும் இல்லை.

பக்கச்சார்பு மறுபக்கமும் சாயும் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். நல்ல இலாபம் வந்த ஆண்டில், புயலைச் சாட்டி, தேவைக்கு மேல் ஏற்பாடு எழுதி வைப்பார்கள். இரண்டாண்டு கழித்து வியாபாரம் சரியும்போது அதை மெல்ல மெல்லத் திருப்பி எடுத்து இலாபத்தை நிமிர்த்துவார்கள். 'அதிகமாக ஏற்பாடு வைத்தால் பாதுகாப்புத்தானே' என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சரிவு வரும் ஆண்டில் வைப்பாளருக்கும் மத்திய வங்கிக்கும் தெரியவேண்டிய ஆபத்துச் சமிக்ஞையை அது மறைத்துவிடும். ஆகவே மேலதிகச் சேர்ப்பை எழுதும் நாளிலேயே, எது நடந்தால் இதைத் திருப்பி எடுப்போம் என்ற நிபந்தனையையும் எழுத வைக்கவேண்டும். சலுகை முடிந்து ஆறு தவணை ஒழுங்காக வந்தால் என்பதுபோல் தெளிவாக. நிபந்தனை இல்லாத சேர்ப்பு யார் வேண்டுமானாலும் திறக்கும் உண்டியல் ஆகிவிடும்.

இவ்வளவும் கொழும்பு அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலையல்ல. கடன் கோப்பைத் திறந்தால் உள்ளே அடையாள அட்டைப் பிரதி, சம்பளத் துண்டு, வண்டியின் படம், பிணையாளிகளின் கையொப்பம் எல்லாம் இருக்கும். எல்லாம் கடன் கொடுத்த நாளின் கதை. இன்றைய கதை அறவீட்டு உத்தியோகத்தரின் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. 'வண்டி மண்ணில் புதைந்தது', 'முகாமில் இருக்கிறார்', 'டிவிசன் மூடியிருக்கு, பேர் இல்லை' என்று கையால் எழுதியிருப்பார். அந்தப் பெயர்களைக் கணினிப் பட்டியலோடு ஒப்பிட்டு, அவர்கள் எந்த நிலையில் நிற்கிறார்கள் என்று பார்த்தால் அரை நாளில் பாதி விடை கிடைத்துவிடும். சம்பளத்தில் பிடிக்கும் கடன் என்றால் தோட்டத்துச் செக்ரோலைக் கேட்டுப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் ஒருவருக்கு எத்தனை பேர் விழுந்தது என்பதைவிடத் திருத்தமான சான்று எந்த மாதிரியிலும் கிடைக்காது.

இன்னொரு பழைய தந்திரமும் உண்டு. கட்ட முடியாதவருக்குப் புதுக் கடன் ஒன்றைக் கொடுத்து, அதைக் கொண்டே பழையதை அடைத்துவிடுவது. பழைய கடன் 'முழுதாகத் தீர்ந்தது', புதியது 'முதல் நிலை'. கண்டுபிடிப்பது கடினமல்ல. ஒரே நாளில் மூடித் திறந்த கணக்குகளை வடிகட்டி எடுங்கள். அடையாள அட்டை இலக்கமும் வண்டியின் செசி இலக்கமும் ஒன்றாக இருந்து, புதுக் கடனில் ஒரு ரூபாய்கூடக் கையில் கொடுக்கப்படாமல் இருந்தால் விஷயம் அதுதான். வட்டி வருமானமும் நல்ல சாட்சி. சலுகைக் காலத்திலும் வட்டி கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். வருமானக் கூற்றில் வட்டி கூடி, வாடிக்கையாளரிடமிருந்து உள்ளே வந்த காசு குறைந்திருந்தால், அந்த இடைவெளி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடவேண்டும்.

கணக்காய்வாளருக்கு உள்ள இடரையும் மறைக்கக்கூடாது. டிசம்பர்க் கணக்கைப் பெப்ரவரியில் ஒப்பமிடும் வங்கியில், சலுகைக் காலமே முடிந்திருக்காது. தவணை திரும்பத் தொடங்கியதா என்று பார்க்க வழி இல்லை. அவர் பழைய அனுபவத்தையும் களத் தகவலையும் மட்டுமே நம்பவேண்டும். மார்ச் 31இல் முடியும் நிதிக் கம்பனிகளுக்கு நிலைமை வேறு. கணக்கு ஒப்பமாக ஜூன் ஆகிவிடும். அதற்குள் ஏப்ரல், மே மாதத் தவணைகள் வந்திருக்கும் அல்லது வராமல் போயிருக்கும். ஆண்டு முடிந்த பின் கிடைக்கும் இந்தச் சான்றைவிட மலிவானதும் உறுதியானதும் வேறில்லை. அதைப் பார்க்காமல் மார்ச் மாத ஊகத்தையே பிடித்துக்கொண்டு ஒப்பமிடும் கணக்காய்வாளருக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லத் தயாரில்லை.

மலையகத்தில் இதைப் பேசும்போது ஒரு பயம் எழுகிறது. ஏற்பாட்டைக் கூட்டச் சொன்னால் கம்பனிக்காரர் வண்டியைப் பிடிக்க வந்துவிடுவார்களோ என்று. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஏற்பாடு எழுதுவது நிறுவனம் தன் புத்தகத்தில் தனக்கே சொல்லிக்கொள்ளும் உண்மை. கடனாளியின் கடமையையோ உரிமையையோ அது ஒரு எழுத்தும் மாற்றாது. நட்டத்தை ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்ட நிறுவனம்தான் இன்னும் ஆறு மாதம் பொறுத்திருக்கும் தெம்போடு இருக்கும். நட்டத்தை மறைத்து வைத்திருக்கும் நிறுவனத்துக்குத்தான் ஒவ்வொரு தவணையும் உயிர்ப் பிரச்சினை ஆகி, அறவீட்டு ஆட்களை லயன் வாசலுக்கு அனுப்பத் தோன்றும்.

மறைத்தால் கடைசியில் சுமப்பது யார் என்பதும் நமக்குத் தெரியும். தி பினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரத்தை மத்திய வங்கி 2020 மே மாதத்தில் இரத்துச் செய்தபோது அதில் நூறாயிரத்துக்கும் அதிகமான வைப்பாளர்கள் இருந்தார்கள். வைப்புக் காப்புறுதி அப்போது ஆளுக்கு 6 இலட்சம் ரூபாய் வரைதான். அதற்கு மேல் வைத்திருந்தவர்களில் பலர் ஓய்வூதியமும் சேமலாபப் பணமும் கொண்டுவந்து போட்டவர்கள். கடைசிக் காலத்தில் கிடைத்த ஈ.பி.எஃப். காசை, வங்கியைவிட இரண்டு வீதம் கூட வட்டி என்று நம்பி நிதிக் கம்பனியில் போடும் பழக்கம் தோட்டப்புறங்களிலும் உண்டு.

ஆகவே மூன்று தரப்பிடம் கேட்கிறேன். நிதிக் கம்பனிகளே, டித்வா சலுகை பெற்ற கடன் எவ்வளவு, அதில் எவ்வளவு எந்த நிலையில், மேலதிகச் சேர்ப்பு எவ்வளவு என்று மாவட்டவாரியாக ஆண்டறிக்கையில் போடுங்கள். பத்திரிகைகளில் வரும் தமிழ்க் கணக்குச் சுருக்கத்திலும் அந்த மூன்று வரிகள் இருக்கட்டும். கணக்காய்வாளர்களே, இதை உங்கள் அறிக்கையில் முக்கிய கணக்காய்வு விடயமாக எழுதுங்கள். முகாமைத்துவத்தின் எண் உங்கள் வீச்சில் எங்கே நின்றது என்று வாசகருக்குப் புரியும்படி சொல்லுங்கள். கணக்கியல், கணக்காய்வு நியமங்களைக் கண்காணிக்கும் சபைக்கு 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் கோப்புகளைப் பரிசீலிக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. இந்த ஆண்டு அது மலையகக் கடன் கோப்புகளில் இருந்து தொடங்கட்டும்.

நிதிக் கம்பனியில் வைப்பு வைத்திருக்கும் வாசகர்களே, அடுத்த முறை வைப்பைப் புதுப்பிக்கப் போகும்போது வட்டி வீதத்தைக் கேட்கும் அதே வாயால் இன்னொன்றையும் கேளுங்கள்: புயலில் நின்ற கடன்களுக்கு எவ்வளவு ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்? விடை சொல்லத் தடுமாறும் இடத்தில் மொத்தப் பணத்தையும் விட்டு வைக்காதீர்கள்.